ஒரு பிட், ஒரு முள், மூன்று இடங்கள்

க ச ட த ச ப ச க ச ப ட ச த ச

இந்த 14 எழுத்துகளும் ஒரு நிரலின் நடமாட்டம். ஓடிக்கொண்டிருக்கும் நிரல் தன் நினைவகப் பக்கங்களில் எவற்றை, எந்த வரிசையில் தொட்டது என்பதை இப்படி எழுதிவைப்பார்கள். கல்லூரியில் இதற்கு ரெஃபரன்ஸ் ஸ்டிரிங் என்று பெயர். முதலில் ‘க’ பக்கம், அடுத்து ‘ச’, அடுத்து ‘ட’ என்று போகிறது. கொஞ்சம் உற்றுப் பார்த்தால் ‘ச’ மட்டும் திரும்பத் திரும்ப வருவது தெரியும். பதினான்கில் ஆறு முறை அதுதான். நிஜ நிரல்களும் இப்படித்தான் நடந்துகொள்கின்றன. சில பக்கங்களை விடாமல் தொடும், மற்றவற்றை எப்போதாவது எட்டிப் பார்க்கும்.

பக்கம் என்பது இங்கே நினைவகத்தின் ஒரு துண்டு. நாம் புழங்கும் பெரும்பாலான கணினிகளில் ஒரு துண்டின் அளவு 4,096 பைட். அது வந்து உட்காரும் இடத்தை ஃபிரேம் என்பார்கள். 4 ஜிபி நினைவகம் உள்ள கணினியில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஃபிரேம்கள் இருக்கும். நாம் கையால் கணக்குப் போடப்போவதால் மூன்றே மூன்று ஃபிரேம்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நிரல் தொடும் பக்கம் அந்த மூன்றில் இருந்தால் வேலை உடனே நடக்கும். இல்லாவிட்டால் பேஜ் ஃபால்ட். அப்போது இயங்குதளம் குறுக்கிட்டு, பக்கத்தை டிஸ்கிலிருந்து எடுத்துவர வேண்டும். அதற்கு ஆகும் நேரம், நினைவகத்தில் இருப்பதைப் படிக்கும் நேரத்தைவிடப் பல நூறு மடங்கு, பழைய சுழலும் டிஸ்க் என்றால் பல பத்தாயிரம் மடங்கு. மூன்று இடங்களும் நிரம்பியிருந்தால், உள்ளே இருப்பவற்றில் ஒன்றை வெளியேற்றியாக வேண்டும். எதை என்பதுதான் கேள்வி.

யார் முதலில் வந்தாரோ அவர் முதலில் போகட்டும் என்பது மிக எளிய விதி. ஃபைஃபோ என்று இதைச் சொல்வார்கள். மேலே உள்ள வரிசைக்கு இந்த விதியைப் போட்டுப் பார்த்தால் 10 பேஜ் ஃபால்ட் வருகிறது. காரணம் கண்ணெதிரே இருக்கிறது. ஆறாவது இடத்தில் ‘ப’ வரும்போது, உள்ளே இருப்பவற்றில் மூத்தது ‘ச’. ஒரு நொடி முன்புதான் அது தொடப்பட்டது என்பதை ஃபைஃபோ கணக்கில் எடுப்பதே இல்லை, வெளியே அனுப்பிவிடுகிறது. ஏழாவது இடத்தில் நிரல் அதே ‘ச’வைக் கேட்கிறது. வீணாக ஒரு ஃபால்ட்.

எது நெடுநேரமாகத் தொடப்படாமல் கிடக்கிறதோ அதை அனுப்பு என்பது இன்னொரு விதி. எல்.ஆர்.யு. எனப்படும் இதைப் போட்டால் ஃபால்ட் 8 ஆகக் குறைகிறது. வரப்போவதை எல்லாம் முன்கூட்டியே தெரிந்துகொண்டு வெளியேற்றினாலும் இந்த வரிசைக்கு 7-க்குக் கீழே இறங்க முடியாது. ஆகவே 8 மிக நல்ல விடை. ஆனால் எல்.ஆர்.யு.வைச் சரியாக நடத்த வேண்டுமானால், ஒவ்வொரு தொடலின்போதும் ‘இந்தப் பக்கம் இந்த நேரத்தில் தொடப்பட்டது’ என்று எங்காவது குறித்தாக வேண்டும். நொடிக்குக் கோடிக்கணக்கில் தொடல்கள் நடக்கும் இடத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரக் குறிப்பு என்றால், குறிப்பெழுதும் வேலையே அசல் வேலையை விழுங்கிவிடும்.

அதனால் செயலி ஒரே ஒரு பிட் மட்டும் கொடுக்கிறது. இன்டெல், ஏஎம்டி செயலிகளில் ஒவ்வொரு பக்கத்துக்கும் பக்க அட்டவணையில் ஒரு பதிவு உண்டு. அதில் 5 என்ற எண்ணுள்ள பிட்டுக்குத்தான் இந்த வேலை. நிரல் பக்கத்தைத் தொட்டால் செயலியே அந்தப் பிட்டை 1 ஆக்கும். நூறு முறை தொட்டாலும் 1-தான். அதைத் திரும்ப 0 ஆக்கும் வேலையைச் செயலி செய்யாது. அது இயங்குதளத்தின் பொறுப்பு. ஆகவே பிட் 1 என்பது ‘கடைசியாக நான் இதை 0 ஆக்கிய பிறகு யாரோ தொட்டிருக்கிறார்கள்’ என்று மட்டுமே சொல்கிறது. எத்தனை முறை, எப்போது என்று சொல்லாது.

இந்த அரைகுறைத் தகவலை வைத்து நடப்பதுதான் ‘இரண்டாவது வாய்ப்பு’ முறை. ஃபிரேம்களை ஒரு கடிகார முகப்பில் வட்டமாக அடுக்கியதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முள் அவற்றில் ஒன்றைக் காட்டிக்கொண்டிருக்கும். ஃபால்ட் வந்து இடம் தேவைப்படும்போது, முள் காட்டும் பக்கத்தின் பிட்டைப் பார்க்க வேண்டும். 1 என்றால் அதை 0 ஆக்கி, பக்கத்தை விட்டுவிட்டு, அடுத்த இடத்துக்கு நகர வேண்டும். 0 என்றால் அந்தப் பக்கம் வெளியே. புதுப் பக்கம் அங்கே உட்காரும், அதன் பிட் 1 ஆகும், முள் ஓரிடம் நகர்ந்து நிற்கும். நிரலாக எழுதினால் இவ்வளவுதான்:

```
while (frame[hand].ref == 1) {
    frame[hand].ref = 0;
    hand = (hand + 1) % 3;
}
frame[hand].page = new_page;
frame[hand].ref  = 1;
hand = (hand + 1) % 3;
```

தேடும் பக்கம் ஏற்கெனவே உள்ளே இருந்தால் முள் அசையவே கூடாது; பிட் மட்டும் 1 ஆகும். தேர்வுத் தாள்களில் மாணவர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். பக்கம் கிடைத்ததுமே முள்ளை அந்தப் பக்கத்துக்கு நகர்த்திவிடுவார்கள். நம் கணக்கைச் சரிபார்க்க ஓர் எளிய வழி உண்டு: கடைசியாக உள்ளே வந்த பக்கம் எப்போதும் முள்ளுக்கு ஓரிடம் பின்னால் இருக்க வேண்டும். அப்படி இல்லையென்றால் முள் எங்கோ தவறாக நகர்ந்திருக்கிறது.

இனி வரிசையை ஓட்டிப் பார்ப்போம். பக்கத்தின் எழுத்தையடுத்து அதன் பிட்டை எழுதுகிறேன்.

முதல் மூன்றும் காலி இடங்களில் வந்து உட்காருகின்றன. மூன்று ஃபால்ட். நிலைமை: க1 ச1 ட1. முள் ஒரு சுற்று முடிந்து முதல் இடத்தில் ‘க’வைக் காட்டுகிறது.

நான்காவதாக ‘த’ வருகிறது. முள் ‘க’வைப் பார்க்கிறது, பிட் 1, அழித்துவிட்டு நகர்கிறது. ‘ச’, ‘ட’ இரண்டுக்கும் அதே கதை. மறுபடி ‘க’விடம் வரும்போது அதன் பிட் 0. ‘க’ வெளியே, ‘த’ உள்ளே. இப்போது த1 ச0 ட0, முள் ‘ச’வில். நான்கு முறை பார்த்து ஒரு பக்கத்தை வெளியேற்றியிருக்கிறோம். முடிவு ஃபைஃபோ எடுத்திருக்கும் அதே முடிவுதான். ஆனால் மற்ற இரண்டின் பிட்டும் இப்போது அழிந்திருப்பதால், இனி தொடப்படுபவை எவை என்று பிரித்துப் பார்க்க முடியும்.

ஐந்தாவது, ‘ச’. உள்ளேயே இருக்கிறது. பிட் 1 ஆகிறது: த1 ச1 ட0. முள் அசையவில்லை.

ஆறாவது, ‘ப’. ஃபைஃபோ கோட்டைவிட்ட இடம் இதுதான். முள் ‘ச’வைப் பார்க்கிறது. மூத்தது அதுதான், ஆனால் பிட் 1. அழித்துவிட்டு நகர்கிறது. அடுத்தது ‘ட’, பிட் 0. மூன்றாவது இடத்தில் வந்து உட்கார்ந்ததற்குப் பிறகு யாரும் அதைச் சீண்டவில்லை. அது வெளியேறுகிறது. த1 ச0 ப1, முள் ‘த’வில். இந்த முறையின் பெயரில் உள்ள இரண்டாவது வாய்ப்பு ‘ச’வுக்குக் கிடைத்தது இந்தக் கணத்தில்தான். ஏழாவதாக நிரல் ‘ச’வைக் கேட்கும்போது அது இடத்திலேயே இருக்கிறது: த1 ச1 ப1.

எட்டாவது, ‘க’. எல்லாருடைய பிட்டும் 1. முள் முழுச் சுற்று சுற்றி எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்து ‘த’வை வெளியேற்றுகிறது. க1 ச0 ப0, முள் ‘ச’வில். நல்லவேளையாக, அனுப்ப வேண்டிய பக்கமும் அதுவே. ஒன்பதாவது ‘ச’, பத்தாவது ‘ப’. இரண்டும் உள்ளேயே இருக்கின்றன. இரண்டின் பிட்டும் 1 ஆகின்றன. நிலைமை க1 ச1 ப1. முள் இன்னும் ‘ச’வில்தான்.

பதினோராவது ‘ட’. இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும்.

முள் ‘ச’வின் பிட்டை அழிக்கிறது, ‘ப’வின் பிட்டை அழிக்கிறது, ‘க’வின் பிட்டை அழிக்கிறது, சுற்றிவந்து மறுபடி ‘ச’விடம் நிற்கிறது. இப்போது அதன் பிட் 0. ‘ச’ வெளியே! இந்த நிரல் அதிகமாகத் தொடும் பக்கத்தையே கடிகாரம் வெளியேற்றிவிட்டது. ‘க’ எட்டாவது இடத்துக்குப் பிறகு தொடப்படவே இல்லை. எல்.ஆர்.யு.வாக இருந்திருந்தால் தயங்காமல் ‘க’வை அனுப்பியிருக்கும். கடிகாரத்துக்கு அந்த வேறுபாடு தெரியாது. ஒருமுறை தொட்ட ‘க’வுக்கும் 1, விடாமல் தொட்ட ‘ச’வுக்கும் 1. எல்லாப் பிட்டும் 1 ஆகிவிட்டால் அந்தப் பிட்கள் சொல்வதற்கு ஒன்றுமில்லை. முள் தற்செயலாக எங்கே நின்றதோ அங்கிருந்தவர் போகிறார். அது ஃபைஃபோவின் வேலைதான்.

தவறுக்கான விலை உடனே வருகிறது. நிலைமை க0 ட1 ப0, முள் ‘ப’வில். பன்னிரண்டாவது ‘ச’ கேட்கப்படுகிறது, இல்லை. முள் காட்டும் ‘ப’வின் பிட் 0, அது உடனே வெளியேறுகிறது: க0 ட1 ச1. பதின்மூன்றாவது ‘த’, முள் ‘க’வில், பிட் 0, அதுவும் ஒரே பார்வையில் வெளியே: த1 ட1 ச1. பதினான்காவது ‘ச’ உள்ளே இருக்கிறது. ஆட்டம் முடிந்தது.

மொத்தம் 9 ஃபால்ட். ஃபைஃபோவுக்கு 10, எல்.ஆர்.யு.வுக்கு 8, கடிகாரம் நடுவில் நிற்கிறது. எந்த நேரக் குறிப்பும் இல்லாமல், பக்கத்துக்கு ஒரு பிட், மொத்தத்துக்கு ஒரு முள், இவ்வளவு மட்டும் வைத்துக்கொண்டு.

இதே வரிசைக்கு ஒருவர் 8 என்று விடை எழுதினால் தவறென்று சொல்லிவிட முடியாது. புதிதாக வரும் பக்கத்துக்கு முதல் பிட் 1 என்று நான் வைத்தேன். அதை 0 என்று வைத்து, அடுத்த தொடலில்தான் 1 ஆகும் என்று கொண்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். நான்காவதில் சுற்று எதுவும் தேவைப்படாது. ‘க’ பிட் 0-வுடன் நிற்கும், உடனே போகும். முக்கியமான வேறுபாடு பதினோராவதில். அப்போதைய நிலைமை க0 ச1 ப1, முள் ‘ச’வில். முள் ‘ச’வையும் ‘ப’வையும் மன்னித்துவிட்டு ‘க’வை வெளியேற்றுகிறது. வந்தபோது ஒரு தடவை தொட்டதோடு சரி என்று கிடந்த பக்கம் பிடிபட்டுவிட்டது. ‘ச’ பிழைக்கிறது, பன்னிரண்டாவதில் ஃபால்ட் இல்லை, மொத்தம் 8. ஆகவே கணக்கைத் தொடங்கும் முன் தொடக்கப் பிட் என்ன என்று வினாத்தாள் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். சொல்லவில்லை என்றால் நாம் கொண்டதை விடையின் முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும்.

நிஜ இயந்திரத்தில் எது நடக்கும்? ஃபால்ட் வந்ததும் பாதியில் நின்ற கட்டளையை, பக்கம் வந்து சேர்ந்த பிறகு செயலி மறுபடி நிறைவேற்றுகிறது. அந்த மறு முயற்சியே ஒரு தொடல். ஆகவே இயங்குதளம் 0 என்று வைத்தாலும் செயலி உடனே 1 ஆக்கிவிடும். நான் 1-ஐத் தேர்ந்தெடுத்ததற்கு அதுதான் காரணம். ஆனால் 0 தொடக்கத்தில் ஒளிந்திருக்கும் யோசனை அருமையானது. ஒரு தடவை தொட்டவரை நம்பாதே, இரண்டாவது தடவை வந்தால் நம்பு என்பது அது. பெரிய கோப்பு ஒன்றை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஒரே ஒருமுறை படிக்கும் நிரலை நினைத்துப் பாருங்கள். அதன் பக்கங்கள் ஒவ்வொன்றும் 1 என்ற முத்திரையோடு உள்ளே வந்தால், உண்மையிலேயே தேவையான பக்கங்களை அவை தள்ளிவிடும். லினக்ஸ் பக்கங்களை இரண்டு பட்டியலாகப் பிரித்து வைத்து, கோப்புப் பக்கங்களை முதலில் கீழ்ப் பட்டியலில் நிறுத்தி, மறுபடி தொடப்பட்டால் மட்டும் மேலே ஏற்றுவது இதற்காகத்தான்.

இந்தக் கடிகாரத்தை வடிவமைத்தவர் பெர்னாண்டோ கார்பட்டோ. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மல்டிக்ஸ் என்ற இயங்குதளத்தை உருவாக்கிய குழுவின் தலைவர். ஜெனரல் எலக்ட்ரிக்கின் ஜிஇ-645 கணினியில் அதைச் சோதித்து, 1968-இல் அறிக்கையாக எழுதினார். அந்தக் கணினியின் வன்பொருளில் பக்கம் தொடப்பட்டதைக் குறிக்கும் பிட் இருந்தது. எல்லாக் கணினிக்கும் அந்த வசதி வாய்க்கவில்லை. பத்தாண்டு கழித்துப் பெர்க்லியில் யூனிக்ஸைத் திருத்திக்கொண்டிருந்த ஓசல்ப் பாபாவ்லுவும் பில் ஜாயும் வாக்ஸ் என்ற இயந்திரத்தில் வேலை செய்தார்கள். அதில் இந்தப் பிட் கிடையாது. பிட் இல்லாமல் கடிகாரம் எப்படி ஓடும்?

அவர்கள் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. முள் ஒரு பக்கத்தைக் கடக்கும்போது, அது நினைவகத்தில் பத்திரமாக இருந்தாலும், ‘இந்தப் பக்கம் இங்கே இல்லை’ என்று அட்டவணையில் பொய்யாக எழுதிவிடுவது. நிரல் அடுத்து அதைத் தொட்டால் செயலி ஃபால்ட் என்று கூவும். இயங்குதளம் வந்து பார்க்கும். பக்கம் உள்ளேதான் இருக்கிறது, டிஸ்குக்குப் போக வேண்டியதில்லை. ‘இது தொடப்பட்டது’ என்று குறித்துக்கொண்டு, பொய்யைத் திருத்திவிட்டு நிரலைத் தொடரவிடும். இப்படி இல்லாத பிட்டை மென்பொருளே உண்டாக்கிக்கொண்டது. ஒவ்வொரு முதல் தொடலுக்கும் ஒரு குறுக்கீடு என்பது விலை. டிஸ்குக்கு ஒருமுறை போய்வருவதோடு ஒப்பிட்டால் அது சின்ன விலை. 1979-இல் வெளிவந்த 3பிஎஸ்டி இந்த ஏற்பாட்டோடுதான் வந்தது.

பிறகு நினைவகம் மலிந்தது. வேறொரு சிக்கல் தலைகாட்டியது. நம் பதினோராவது தொடலில் பார்த்த அதே சிக்கல், பெரிய அளவில். மூன்று ஃபிரேம்களை முள் சுற்றிவர நேரமாகாது. லட்சக்கணக்கான ஃபிரேம்கள் என்றால், ஒரு பக்கத்தின் பிட்டை அழித்துவிட்டு முள் அதே பக்கத்துக்குத் திரும்பிவர நெடுநேரம் ஆகும். அதற்குள் ஏறக்குறைய எல்லாப் பக்கத்தையும் யாராவது ஒருமுறை தொட்டிருப்பார்கள். எல்லாமே 1. முள் தன் பாட்டுக்குச் சுற்றி, எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கடைசியில் ஏதோ ஒன்றைத் தூக்கும். பிட்டின் பொருள், முள் ஒரு பக்கத்தை எத்தனை நேரத்துக்கு ஒருமுறை பார்க்கிறது என்பதைப் பொறுத்தது. அடிக்கடி பார்த்தால் ‘சற்றுமுன் தொடப்பட்டது’ என்று பொருள். அரிதாகப் பார்த்தால் ‘என்றோ தொடப்பட்டது’ என்று பொருள்.

4.3பிஎஸ்டி இதற்கு இரண்டாவது முள்ளை வைத்தது. முன் முள் பிட்டை அழித்துக்கொண்டே போகும். குறிப்பிட்ட தூரம் பின்னால் வரும் பின் முள், பிட் இன்னும் 0-வாகவே இருக்கும் பக்கங்களை வெளியேற்றும். இரண்டு முட்களுக்கும் இடையிலுள்ள தூரம்தான் ஒரு பக்கத்துக்குக் கிடைக்கும் அவகாசம். நினைவகம் எவ்வளவு பெரிதானாலும் அந்த அவகாசம் அதோடு சேர்ந்து நீளாது. தூரத்தைக் குறைத்தால், விடாமல் தொடப்படும் பக்கங்கள் மட்டுமே தப்பும். கூட்டினால் பழைய ஒற்றை முள் கடிகாரத்தை நெருங்கும்.

முள் வீணாகச் சுற்றுகிறதா என்பதை இன்றைய லினக்ஸ் கணினியிலும் பார்க்கலாம். அதன் இரு பட்டியல் ஏற்பாடு கடிகாரத்தின் நேர் நகல் அல்ல. ஆனாலும் பக்கங்களை வரிசையாகப் பார்த்து, தொடப்பட்டவற்றை விட்டு, மற்றவற்றை வெளியேற்றும் வேலை ஒன்றுதான். `/proc/vmstat` கோப்பில் `pgscan_kswapd` என்ற எண் எத்தனை பக்கங்கள் பார்க்கப்பட்டன என்பதையும், `pgsteal_kswapd` எத்தனை பக்கங்கள் மீட்கப்பட்டன என்பதையும் சொல்லும். `sar -B 1` கட்டளை மீட்கப்பட்ட பக்கங்களுக்கும் பார்க்கப்பட்ட பக்கங்களுக்கும் உள்ள விகிதத்தை `%vmeff` என்ற பத்தியில் சதவீதமாகவே காட்டும். நம் சின்னக் கணக்கில், இடம் நிரம்பிய பிறகு முள் 4, 2, 4, 4, 1, 1 என்று மொத்தம் 16 முறை பார்த்து 6 பக்கங்களை வெளியேற்றியது. அது சுமார் 37 சதவீதம். கணினி தள்ளாடும்போது இந்தப் பத்தியில் 100-ஐ ஒட்டிய எண் தெரிந்தால், பார்த்தவை எல்லாம் யாருக்கும் தேவைப்படாத பக்கங்கள் என்று பொருள்; காரணத்தை வேறெங்காவது தேடலாம். 0 அல்லாமல் 30-க்குக் கீழே இறங்கிக் கிடந்தால், பார்க்கும் பக்கமெல்லாம் 1 என்று நிற்கிறது, ஓடும் நிரல்களுக்கு இந்த நினைவகம் போதவில்லை. அப்போது ஒரு நிரலை நிறுத்த வேண்டும், அல்லது நினைவகத்தைக் கூட்ட வேண்டும்.